330 காட்டும் வாள் ஏன் 300 காட்டும் வாளிடம் தோற்கிறது?

வாசகர் ஒருவர் எல்டன் ரிங் விளையாடிக்கொண்டிருக்கிறார். கையில் இரண்டு வாள்கள். ஒன்று சாதாரண வாள், திரையில் தாக்குதல் எண் 300. இன்னொன்று நெருப்பு ஏற்றிய வாள்: உடல் தாக்குதல் 165, நெருப்பு 165, மொத்தம் 330. ஆனால் ஒரே எதிரியை ஒரே மாதிரி அடித்தால் 300 காட்டும் வாள்தான் அதிக டேமேஜ் தருகிறது. "எண் பொய் சொல்கிறதா? நான் எந்த வாளில் மேம்பாட்டுக் கற்களைப் போடுவது?" என்று கேட்டிருக்கிறார். எண் பொய் சொல்லவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதி எதிரியின் பக்கம் இருக்கிறது, அதைத் திரை காட்டுவதில்லை.

அதற்கு முன் தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம். எந்த ஆயுதத்தில் முதலீடு செய்வது என்ற கேள்வி பழைய விளையாட்டுகளில் அங்கேதான் தொடங்கும். ஆயுதத்துக்கு ஓர் ஆயுள் எண் இருக்கும், அடிக்க அடிக்கக் குறையும், பூஜ்யமானால் ஆயுதம் உடையும். டயாப்ளோ 2-இல் 'ஈதீரியல்' ஆயுதங்கள் உண்டு. அவற்றின் அடிப்படை டேமேஜ் 50 சதவீதம் அதிகம், ஆயுள் ஏறக்குறைய பாதி, பழுது பார்க்கவும் முடியாது. நம் கையில் வைத்தால் கரைந்துபோகும் முதலீடு. ஆனால் கூலிக்கு அமர்த்தும் துணைவீரனின் ஆயுதம் அந்த விளையாட்டில் தேய்வதே இல்லை. அதனால் ஈதீரியல் ஆயுதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டால் 50 சதவீதம் லாபம் மட்டும் நிற்கும், நஷ்டம் போய்விடும். அதே ஆயுதம், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பே மாறிவிடுகிறது.

தேய்மானத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். டார்க் சோல்ஸ் 2 கணினியில் 2014-இல் வந்தபோது ஆயுதங்கள் விசித்திரமான வேகத்தில் தேய்ந்தன. தேய்மானக் கணக்கு நேரத்தோடு இணையாமல் திரையில் ஓடும் பிரேம்களோடு இணைந்திருந்தது. வாள் ஓர் உடலுக்குள் ஊடுருவிக் கடக்கும் சிறு நொடியில் 30 பிரேம் வேகத்தைவிட 60 பிரேம் வேகத்தில் இரண்டு மடங்கு பிரேம்கள் ஓடும். எனவே தேய்மானமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிணத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது பளிச்சென்று தெரிந்தது. 2015-இல் திருத்தினார்கள். 2022-இல் எல்டன் ரிங் வந்தபோது அதே நிறுவனம் தேய்மானத்தையே எடுத்துவிட்டது. சரி, இனி ஆயுளைப் பற்றிக் கவலையில்லை, மேம்பாட்டுக்கு வருவோம்.

சாதாரண ஆயுதங்கள் +25 வரை ஏறும். ஒவ்வொரு படிக்கும் அடிப்படைத் தாக்குதலில் 5.8 சதவீதம் கூடும், கடைசியில் 2.45 மடங்காகும். லாங்ஸ்வோர்ட் எனும் எளிய வாள் 110-இல் தொடங்கி 269-இல் முடிகிறது. சிறப்பு ஆயுதங்களுக்கு +10 தான் உச்சம், ஒவ்வொரு படியும் 14.5 சதவீதம், கடைசியில் அதே 2.45 மடங்கு. ஆக +5 சாதாரண வாளும் +2 சிறப்பு வாளும் ஒரே தூரம் நடந்தவை. இதற்கு மேல் நம் பாத்திரத்தின் வலிமை, லாவகம் போன்ற ஸ்டாட்களால் வரும் கூடுதல் தனியாகச் சேரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. நம் தாக்குதல் எண் எதிரியின் காப்பு எண்ணைச் சந்திக்கிறது. பலர் இதை நேரடிக் கழித்தல் என்று நினைக்கிறார்கள்: 300 தாக்குதல், 100 காப்பு, மீதி 200. அப்படியில்லை. விளையாட்டு முதலில் தாக்குதலைக் காப்பால் வகுத்து ஒரு விகிதம் எடுக்கிறது. அந்த விகிதத்தைப் பொறுத்துத் தாக்குதலில் எத்தனை சதவீதம் உள்ளே போகும் என்பதை ஒரு வளைவு தீர்மானிக்கிறது. விகிதம் எட்டில் ஒரு பங்கோ அதற்குக் கீழோ இருந்தால் வெறும் 10 சதவீதம்தான் போகும். தாக்குதலும் காப்பும் சமமானால் 40 சதவீதம். இரண்டரை மடங்கானால் 70. எட்டு மடங்கானால் 90, அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் 90 தான். நடுவில் எங்கும் இடைவெளி இல்லாமல் வளைவுத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. எவ்வளவு பலவீனமான ஆயுதமும் பூஜ்யம் அடிக்காது, எவ்வளவு பலமான ஆயுதமும் காப்பை முழுதாக அழிக்காது. இந்த இரண்டு எல்லைகளுக்குள் ஒரு விளையாட்டின் முழுச் சமநிலையையும் கட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை.

இப்போது லாங்ஸ்வோர்டை அந்த வளைவில் போட்டுப் பார்ப்போம். எதிரியின் காப்பு 100 என்று வைத்துக்கொள்வோம், ஸ்டாட் கூடுதலை விட்டுவிடுவோம். +0 வாளின் 110 தாக்குதலில் சுமார் 44 சதவீதம் உள்ளே போகிறது, டேமேஜ் 48. +25 வாளின் 269-இல் 71 சதவீதம் போகிறது, டேமேஜ் 192. திரையில் எண் 2.45 மடங்குதான் கூடியது, எதிரிக்கு விழும் அடியோ நான்கு மடங்கு! மேம்பாடு இரண்டு முறை வேலை செய்கிறது. எண்ணும் கூடுகிறது, அந்த எண்ணில் உள்ளே போகும் பங்கும் கூடுகிறது. தொடக்கத்தில் வாளை மேம்படுத்தாமல் விட்டுவிட்டு "இந்த பாஸ் ரொம்பக் கடினம்" என்று தவிப்பவர்களுக்கு நடப்பது இதுதான். அவர்கள் வளைவின் செங்குத்தான பகுதியில் கீழே நிற்கிறார்கள்.

அந்த வளைவு மேலே போகப் போகத் தட்டையாவதையும் கவனியுங்கள். +0-இலிருந்து +3 வரை முதல் மூன்று படிகளில் டேமேஜ் 48-இலிருந்து 65 ஆகிறது, ஏறக்குறைய 35 சதவீத உயர்வு. +22-இலிருந்து +25 வரை கடைசி மூன்று படிகளில் 175-இலிருந்து 192, பத்து சதவீதம்கூடத் தேறாது.

இனி வாசகரின் புதிர். 300 தாக்குதல், 100 காப்பு, விகிதம் 3. வளைவு 73 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடுகிறது, டேமேஜ் 220. நெருப்பு வாளில் நிலைமை வேறு. உடல் தாக்குதலும் நெருப்பும் தனித்தனியாகத் தங்கள் காப்பைச் சந்திக்கின்றன. ஒரே சரக்கை இரண்டு வண்டியில் ஏற்றினால் இரண்டு முறை சுங்கம் கட்டுவது போலத்தான். இரண்டு காப்புகளும் 100 என்றால், ஒவ்வொரு 165-க்கும் விகிதம் 1.65. ஒவ்வொன்றிலும் 60 சதவீதம்தான் போகிறது. அதாவது 99.6 + 99.6, மொத்தம் 199. முப்பது புள்ளி அதிகம் காட்டிய வாள் இருபது புள்ளிக்கு மேல் பின்தங்கிவிட்டது.

அப்படியானால் நெருப்பு வாள் வீணா? இல்லை. காப்புக்குப் பிறகு இன்னொரு படி இருக்கிறது: எதிரியின் தனிப்பட்ட தாங்குதிறன், நேரடிச் சதவீதமாக. நெருப்புக்கு 20 சதவீதம் பலவீனமான எதிரி என்றால் நெருப்புப் பங்கு 119.5 ஆகும், மொத்தம் 219. இரண்டு வாள்களும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் பலவீனம் இருந்தால் நெருப்பு வாள் ஜெயிக்கும். எண்கள் வளர வளரப் பிளவின் தண்டனையும் குறைகிறது. அதே வாள்கள் பின்னால் 600, 660 என்று காட்டும்போது டேமேஜ் 524, 498. முன்பு பத்து சதவீதமாக இருந்த இடைவெளி ஐந்தாகிவிடுகிறது. ஆகவே பிரிந்த தாக்குதலுள்ள ஆயுதம் தொடக்கத்தில் மோசமாகத் தெரிந்தால் அது எப்போதும் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே வகை எதிரியைத் தேர்ந்தெடுத்து, அவன் சும்மா நிற்கும்போது ஒரே ஒரு சாதாரண வெட்டு. தாக்கிக்கொண்டிருக்கும் எதிரியைக் குத்தினால் கூடுதல் டேமேஜ் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். எதிரியின் உயிர்ப்பட்டைக்கு அருகில் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து அடித்தால் அந்த எண் கூட்டிக்கொண்டே போகும் என்பதால் மறைந்த பிறகே அடுத்த வெட்டு. இந்த விளையாட்டுகளைச் சுற்றி 'ராசியான வாள்' நம்பிக்கைகள் ஏராளம். இரண்டு நிமிடச் சோதனையில் அவற்றில் பெரும்பாலானவை காணாமல் போகும். இவ்வளவு அழகான வளைவைச் செய்தவர்கள் அதை ஏன் விளையாட்டுக்குள்ளேயே காட்டக் கூடாது என்பது என் வருத்தம். ஆர்வலர்கள் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, ஊதியம் ஏதுமின்றி அட்டவணை போட்டதால்தான் நமக்கு இது தெரிகிறது.

எதில் கற்களைப் போடுவது? ஸ்மிதிங் கற்களில் எட்டுத் தரங்கள். ஒவ்வொரு தரமும் மூன்று படிகளுக்கு உதவும், முறையே 2, 4, 6 கற்கள், ஆகத் தரத்துக்குப் பன்னிரண்டு. +24 வரை 96 கற்கள், கடைசிப் படிக்கு ஒரு பழம்பெரும் டிராகன் கல். இதில் பலர் தவறவிடும் ஒன்று, முதல் தரக் கல்லை எட்டாம் தரப் படியில் போடவே முடியாது என்பது. முக்கிய வாள் +6-ஐத் தாண்டிவிட்டால் பையில் மிஞ்சிய ஒன்றாம், இரண்டாம் தரக் கற்களால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. அவற்றை இன்னொரு ஆயுதத்தில் போட்டுப் பார்ப்பதால் இழப்பே இல்லை, வளைவின் செங்குத்தான பகுதியும் அதுதான். ராயா லுகாரியா படிகச் சுரங்கத்தின் பாஸை வென்றால் கிடைக்கும் சுரங்கத் தொழிலாளியின் மணியைக் கடை நடத்தும் இரட்டைக் கன்னியரிடம் கொடுங்கள். அந்த இரண்டு தரங்களும் எத்தனை வேண்டுமானாலும் விலைக்குக் கிடைக்கும், பிறகு +6 வரை எந்த வாளையும் தயங்காமல் முயலலாம். அடுத்த மணிகள் கிடைக்கக் கிடைக்க அந்த எல்லை உயரும். யோசிக்க வேண்டியது இன்னும் கடையில் கிடைக்காத தரத்தில்தான், அந்தப் பன்னிரண்டு கற்கள் ஒரே ஆயுதத்துக்குப் போகட்டும்.

வாசகருக்கு ஒரு நல்ல செய்தி. அவருடைய இரண்டு வாள்களும் ஒரே வகை என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கற்கள் தேவையே இல்லை. சாதாரண ஆயுதங்களில் உரிய சாணைக்கத்தி கிடைத்த பிறகு, இளைப்பாறும் அருள் இடத்தில் உட்கார்ந்து நெருப்பை ஏற்றலாம், இறக்கலாம், செலவில்லை, ஏறிய படியும் குறையாது. 300 காட்டும் வாளிலேயே எல்லாக் கற்களையும் போடட்டும். நெருப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் பலவீனமான பாஸ் வரும்போது மட்டும் அதையே நெருப்பு வாளாக மாற்றிக்கொள்ளலாம். சிறப்பு ஆயுதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி இல்லை. அவற்றில் கல் போடும்முன் மேலே சொன்ன ஒரு வெட்டுச் சோதனையை இன்னும் இரண்டு மூன்று வகை எதிரிகள் மேல் செய்துவிடுவது நல்லது.