பியெசோ பஸ்ஸர்: அழுத்தமின் ஒலிப்பான்

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் ‘பஸ்ஸர்’ என்று கேட்டால், பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் சிறிய உருளை ஒன்றைத் தருவார்கள். அதன் முழுப்பெயர் பியெசோ பஸ்ஸர். ‘பியெசெயின்’ என்ற கிரேக்க வினைக்கு அழுத்துதல் என்று பொருள். 1880இல் ஜாக் கியூரியும் பியர் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்று மறு ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணித்துச் சொன்னார். கியூரி சகோதரர்கள் அதைச் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். பஸ்ஸரில் நடப்பது இந்த மறுதலை விளைவுதான்: மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் பீங்கான் தகடு வளைந்து நிமிர்ந்து காற்றைத் தள்ளுகிறது.

ஆகவே பியெசோவுக்கு ‘அழுத்தமின்’ மிகப் பொருத்தமான சொல். பஸ்ஸரைச் சிலர் ‘ரீங்காரி’ என்கிறார்கள். ஒரே சுரத்தில் இரையும் வகைக்கு அது சரி. மெட்டு வாசிக்கும் வகைக்கு ‘ஒலிப்பான்’ என்பதே என் தேர்வு.

இந்த வேறுபாடு வாங்கும்போதே முக்கியம். ஒரு வகையில் அலையியற்றி உள்ளேயே இருக்கும். 5 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தால் தானாகக் கத்தும். அதில் மெட்டு வராது. மற்றொன்று ஒரு ‘டிக்’ ஒலியோடு அடங்கிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். அதற்கு அலையை நாம்தான் ஊட்ட வேண்டும்.

அந்த அலை சதுர அலை: மின்னழுத்தம் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. அதை மைக்ரோகண்ட்ரோலரின் டைமர் உண்டாக்குகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவில் 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தை 8ஆல் வகுத்தால் நொடிக்கு 20 லட்சம் எண்ணிக்கை. ஓர் அலை உண்டாக, ஒலிப்பானை இணைக்கும் பின்னின் நிலை இரண்டு முறை மாற வேண்டும். எனவே 20 லட்சத்தை 880ஆல் வகுக்கிறோம். ஏறத்தாழ 2273 வரும். டைமர் சுழியிலிருந்து எண்ணுவதால் ஒன்றைக் கழித்து 2272 என எழுதுகிறோம். 9ஆம் பின்னில் ஒலிப்பானை இணைத்தால் இவ்வளவு போதும்:

```
DDRB  |= (1 << PB1);
TCCR1A = (1 << COM1A0);
TCCR1B = (1 << WGM12) | (1 << CS11);
OCR1A  = 2272;
```

கிடைப்பது 439.95 ஹெர்ட்ஸ். காதுக்கு வேறுபாடு தெரியாது. நிலை இரண்டு முறை மாற வேண்டும் என்பதை மறந்து 440ஆல் வகுத்தால் 220 ஹெர்ட்ஸ்தான் வரும். இந்தப் பிழை எளிதில் பிடிபடாது, ஏனென்றால் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். மெட்டு மெட்டாகவே இருக்கும். இன்னொரு கருவியின் சுரத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

கீழ்ஸ்தாயியில் ஒலி மெலிவதற்குக் காரணம் வேறு. இத்தகைய தகடுகள் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒத்ததிர்வுப் பகுதியில்தான் உரக்க ஒலிக்கும். மெட்டை ஒரு ஸ்தாயி உயர்த்தினால் நன்றாகக் கேட்கும்.

‘ச ச ப ப’ என்று ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒட்டி ஒரே நீண்ட ஒலியாகிவிடும். ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் `TCCR1A = 0;` என்று பின்னை டைமரிலிருந்து துண்டித்து, 20 அல்லது 30 மில்லிநொடி கழித்து மீண்டும் இணைத்தால் சுரங்கள் பிரிந்து ஒலிக்கும்.