ஐந்து முறை தொட்ட லெவல் என்று நம்பாதீர்கள்

"இந்த ரெசிஸ்டன்ஸை விலை ஐந்து முறை தொட்டிருக்கிறது, ரொம்ப வலுவானது" என்று சொல்லிப் பணத்தைப் போட்டவர்களின் நிரல் மறுபடியும் மறுபடியும் சரிபார்க்க வருகிறது. பெரும்பாலும் அந்த ஐந்தைச் சந்தை தரவில்லை. அருகருகே உள்ள உச்சங்களை ஒரே லெவலாகச் சேர்க்கும் பட்டையின் அகலத்தைத் தப்பாகப் பயன்படுத்திய நிரல்தான் தந்திருக்கிறது.

800 ரூபாய் அளவில் ஓடும் ஒரு பங்கை வைத்துப் பார்ப்போம். தினசரி கேண்டிலில் கிடைத்த ஸ்விங் ஹைகள் 796, 801, 806, 811, 816. 14 நாள் ஏடிஆர், அதாவது சராசரி தினசரி ஏற்ற இறக்கம், 14 ரூபாய். அதில் பாதியான 7 ரூபாயைப் பட்டையாக எடுத்துக்கொள்கிறோம். இதுவரை தவறில்லை. பங்குக்குப் பங்கு ஏற்ற இறக்கம் மாறும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே "5 பாயின்ட்" வைப்பதுதான் தவறு.

அடுத்த படியில்தான் கோளாறு. பக்கத்துப் புள்ளியோடு மட்டும் ஒப்பிட்டால் ஒவ்வொரு இடைவெளியும் 5 ரூபாய்தான், 7-க்குள் அடங்குகிறது. ஒன்றைப் பிடித்து ஒன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, ஐந்தும் 806 என்ற ஒரே லெவலில் போய் உட்காரும். 796-க்கும் 816-க்கும் நடுவே 20 ரூபாய் இருக்கிறதே! அந்த இடைவெளியில் ஸ்டாப் லாஸை எங்கே வைப்பீர்கள்?

புதுப் புள்ளியைக் குழுவின் சராசரியோடு ஒப்பிடுங்கள். 796, 801 சேர்ந்தால் சராசரி 798.5. 806 அதிலிருந்து 7.5 தள்ளியிருப்பதால் புதுக் குழு தொடங்குகிறது. 806, 811 சேர்ந்து 808.5 ஆகும், 816 தனியாக நிற்கும். ஐந்து தொடுதல் இரண்டு, இரண்டு, ஒன்று என்று உடைந்துவிடும். புள்ளிகள் நிறையச் சேரும்போது சராசரியும் மெல்ல நகரும். ஆகவே ஒரு குழுவின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் 10 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதுபோல ஒரு வரம்பும் வையுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். இரு பக்கமும் ஐந்து கேண்டில் பார்த்துத்தான் ஸ்விங் ஹையைக் குறிக்கிறீர்கள் என்றால், அது ஸ்விங் ஹை என்பது ஐந்தாம் நாள் முடிவில்தான் உங்களுக்குத் தெரியும். பேக்டெஸ்ட் அதை உச்சத்தன்றே தெரிந்ததாக எடுத்துக்கொண்டால், வருகிற லாபம் முழுக்க நாளைய விலையைத் திருடிய லாபம். ஒரு `shift` போதும்:

```python
k = 5
w = 2*k + 1
piv = high.rolling(w, center=True).max() == high
seen = high.where(piv).shift(k)
```

அடுத்தடுத்த இரு நாளில் ஒரே உச்சம் வந்தால் இது இரண்டையும் குறிக்கும். அது ஒரே தொடுதல்தான், ஒன்றை நீக்குங்கள். போனஸ், ஸ்ப்ளிட் சரிசெய்யாத விலைத் தரவை உள்ளேயே விடாதீர்கள்.

நிரல் எதிர்காலத்தைப் பார்க்கிறதா என்று சந்தேகம் வந்தால், தரவை ஏதாவது ஒரு தேதியோடு வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முழுத் தரவில் ஓட்டியபோது அந்தத் தேதிக்கு வந்த லெவல்களும் இப்போது வருகிறவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுகூட மாறினாலும் அந்த நிரலை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.