‘காலமானார்’ எங்கே, ‘இறந்துவிட்டார்’ எங்கே? இரங்கல் குறிப்பிலும் பணிநீக்கக் கடிதத்திலும் மென்சொல்

அமங்கலமானதை மங்கலமான சொல்லால் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. நன்னூல் இதைத் தகுதி வழக்கில் ஒன்றாக வைத்து ‘மங்கலம்’ என்று பெயரும் கொடுத்திருக்கிறது. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம். மென்சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. அவற்றை யாருக்கு, எந்த நேரத்தில் சொல்வது என்பதில்தான் அலுவலகக் கடிதங்கள் தடுமாறுகின்றன.

செய்தியை முதன்முதலாகக் கேட்பவருக்கு நேர்ச்சொல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதும்போது மென்சொல் போதும். மரணம், வேலையிழப்பு இரண்டுக்கும் இந்த ஒரு கணக்கு பொருந்தும்.

மருத்துவமனையில் உறவினரிடம் மரணத்தைத் தெரிவிக்கப் பயிற்சி தரும்போது ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே உச்சரிக்கச் சொல்வார்கள். ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ என்றால், அதிர்ச்சியில் இருப்பவர் “எங்கே, வேறு ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்கக்கூடும். மனம் ஏற்க மறுக்கும் செய்திக்குச் சொல்லில் சிறு இடைவெளி கிடைத்தாலும் அதன் வழியே நம்பிக்கை நுழைந்துவிடும். சின்னக் குழந்தையிடம் ‘தாத்தா தூங்குகிறார்’ என்று சொல்ல வேண்டாம் என்பதும் இதனால்தான். குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தாத்தா எழுந்துவரக் காத்திருக்கும், அல்லது தானே தூங்கப் பயப்படும்.

இரங்கல் குறிப்பு வேறு வகை. அதைப் பெறும் குடும்பத்துக்கு நடந்தது தெரியும். அங்கே சொல்லின் வேலை தகவல் தருவதல்ல, உடன் நிற்பது. எனவே மென்சொல் எழுதலாம், ஆனால் எந்த மென்சொல் என்று பார்க்க வேண்டும். தமிழில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒவ்வொன்றும் ஒரு நம்பிக்கையையோ மரணத்தின் தன்மையையோ சுமந்துகொண்டு வரும்.

‘காலமானார்’ எந்த மதத்துக்கும், மதமில்லாதவருக்கும் பொருந்தும். வயதானவர், நோயுற்றவர் என்றால் தயங்காமல் எழுதலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுதினால் காது ஏற்காது. அங்கே ‘குழந்தையின் மறைவு’ என்பதே அடக்கமாக இருக்கும். ‘இயற்கை எய்தினார்’ என்பதைக் கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பங்கள் விரும்பி எழுதுகின்றன. ஆனால் விபத்தில் இறந்தவருக்கு அதை எழுதினால் ‘இயற்கை மரணம்’ என்று படிப்பவர் புரிந்துகொள்வார், குடும்பத்துக்கும் உறுத்தும். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவலோக பதவி அடைந்தார்’, ‘வைகுண்ட பதவி அடைந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வஃபாத்தானார்’ ஆகியவை குடும்பம் தானாகச் சொல்லும் சொற்கள். அவர்கள் வெளியிட்ட அறிவிப்பில் அந்தச் சொல் இருந்தால் அலுவலகம் அப்படியே எடுத்தாளலாம். பெயரைப் பார்த்து ஊகித்து எழுதக் கூடாது. ‘அமரர்’ என்ற அடைமொழிக்கும் ‘ஆன்மா சாந்தியடைய’ என்ற வரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ‘உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம்’ என்ற வரிக்கு மதம் கிடையாது.

விபத்து, தீ, வெள்ளம் என்றால் ‘உயிரிழந்தார்’ பொருந்தும். ‘பலியானார்’ தலைப்புச் செய்திக்கான சொல், இரங்கல் கடிதத்தில் அதற்கு இடமில்லை. ‘உயிர்நீத்தார்’ என்பதில் தானே உயிரை விட்டார் என்ற சாயல் இருப்பதால் தியாகத்தைக் குறிக்கும் இடத்துக்கு அதை விட்டுவிடலாம். பேச்சில் ‘தவறிட்டார்’ என்பது மிக மென்மையான சொல். எழுத்தில் அதுவே ஆபத்து: ‘நம் கணக்காளர் நேற்று தவறிவிட்டார்’ என்ற வரியைத் தணிக்கைப் பிரிவு எப்படிப் படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தற்கொலை என்றால் மென்சொல் தேடுவதைவிடக் காரணத்தையே எழுதாமல் இருப்பது நல்லது. ‘காலமானார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணத்தை வெளியிடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. அவர்களே சொல்லச் சொன்னாலும் முறையையும் இடத்தையும் எழுதக் கூடாது. ஊடகங்களுக்கு உலக சுகாதார அமைப்பு தரும் வழிகாட்டுதலும் அதுதான், அலுவலக அறிவிப்புக்கும் அது பொருந்தும்.

ஒரு உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். கணக்குப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் ஞாயிறு இரவு மாரடைப்பால் இறந்துவிட்டார். திங்கள் காலை மனிதவளத் துறை மூன்று விதமான ஆட்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்த நான்கைந்து பேருக்கு மின்னஞ்சல் கூடாது. மேலாளர் நேரிலோ தொலைபேசியிலோ சொல்ல வேண்டும்: “ஒரு வருத்தமான செய்தி. நேற்று இரவு அவர் இறந்துவிட்டார்.” இரண்டே வாக்கியம், பிறகு மௌனம். அவர்கள்தான் முதலில் கேட்பவர்கள்.

அதற்குப் பின்னரே மற்ற ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போக வேண்டும். பொருள் வரியில் ‘வருத்தமான செய்தி’ என்று மட்டும் போடலாம். ‘முக்கிய அறிவிப்பு’ என்றிருந்தால் விடுமுறைப் பட்டியல் என்று நினைத்துத் திறப்பார்கள். உள்ளே:

“கணக்குப் பிரிவின் திரு. ____ ஞாயிறு இரவு காலமானார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு பணியாற்றினார். மாத இறுதியில் சம்பளக் கேள்வியோடு அவர் இருக்கைக்குப் போனவர்கள் அவருடைய பொறுமையை அறிவார்கள். இறுதி நிகழ்வு பற்றிக் குடும்பத்தினர் தெரிவித்ததும் பகிர்கிறோம். அவருடைய பணிகள் குறித்து இந்த வாரம் பிரிவு மேலாளரைத் தொடர்புகொள்ளவும்.”

மாரடைப்பு என்ற சொல் இதில் இல்லை. குடும்பம் அனுமதித்தால் சேர்க்கலாம். அனுப்பும் முன் அடியைப் பாருங்கள்: ‘இனிய நாளாகட்டும்’ என்று முடியும் தானியங்கிக் கையெழுத்து இரங்கல் மின்னஞ்சலோடும் போய்விடும்.

குடும்பத்துக்கு எழுதுவது மூன்றாவது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இரங்கலையும் கணக்குத் தீர்ப்பதையும் ஒரே கடிதத்தில் எழுதுவது. முதல் பத்தியில் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’, இரண்டாம் பத்தியில் ‘மடிக்கணினியைத் திருப்பித் தரவும்’ என்றால் முதல் பத்தி பொய்யாகிவிடும். இரங்கல் தனியாக, உடனே போக வேண்டும். அதில் எந்தக் கோரிக்கையும் கூடாது, ஒரு தொடர்பாளரின் பெயர் மட்டும் போதும். நிலுவைத் தொகை, காப்பீடு, ஆவணங்கள் பற்றிய கடிதம் சில நாள் கழித்துத் தனியாகப் போகட்டும். அந்த இரண்டாவது கடிதத்தில் ‘இறப்புச் சான்றிதழ்’ என்பதை ‘மறைவுச் சான்றிதழ்’ என்று மென்மையாக்காதீர்கள். அது ஓர் ஆவணத்தின் பெயர். மாற்றினால் குடும்பம் வேறு ஏதோ ஒன்றைத் தேடி அலையும்.

இனி வேலையிழப்புக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். வேலை போகும் கடிதத்தைப் பெறுபவர்தான் செய்தியை முதலில் கேட்பவர். ஆனால் மென்சொல்லை அள்ளிக் கொட்டுவதும் இந்தக் கடிதத்தில்தான். இப்படி எழுதுவார்கள்:

“நிறுவனத்தின் மறுசீரமைப்பு நடவடிக்கையின் அங்கமாகத் தங்கள் பொறுப்பு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு, தாங்கள் புதிய வாய்ப்புகளை நோக்கிச் செல்வதற்கு ஏதுவாக விடுவிக்கப்படுகிறீர்கள்.”

இதைப் படித்தவர் இடமாற்றம் என்று நினைக்கலாம். வேறு பிரிவில் புதிய பொறுப்பு என்றும் நினைக்கலாம். தேதி இல்லை, முடிவெடுத்தது யார் என்பதும் இல்லை. ‘விடுவிக்கப்படுகிறீர்கள்’ என்ற சொல்லிலேயே குழப்பம் இருக்கிறது. தானாக ராஜினாமா செய்தவருக்கும் விடுவிப்புக் கடிதம்தான் தருகிறார்கள். ‘புதிய வாய்ப்பு’ என்பது அவருக்கு இல்லாத வாய்ப்பு. படித்தவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து நுழைவு அட்டை வேலை செய்யாமல் வாசலில் நின்றால், அந்த அவமானத்துக்குக் காரணம் இந்த வாக்கியம்தான்.

அதே கடிதத்தை இப்படி எழுதலாம்:

“தாங்கள் வகிக்கும் பணியிடத்தை நீக்க நிறுவனம் முடிவு செய்துள்ளது. எனவே ஜூன் 30-ஆம் தேதியுடன் இங்கு தங்கள் வேலை முடிவுக்கு வருகிறது. பிரிவின் வேலை குறைந்ததே காரணம், தங்கள் பணித்திறன் அல்ல. ஜூன் மாத முழுச் சம்பளமும், எடுக்காத விடுப்புக்கான தொகையும் ஜூலை 7-க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் சேரும்.”

முடிவு செய்தது நிறுவனம் என்று எழுவாய் வந்துவிட்டது. தேதி வந்துவிட்டது. ‘வேலை முடிவுக்கு வருகிறது’ என்பது கடுமையான சொல்லல்ல, ஆனால் வேறு பொருளுக்கு இடமும் கொடுக்காது. ‘தங்கள் பணித்திறன் அல்ல’ என்பதை உண்மையானால் மட்டுமே எழுத வேண்டும். பணித்திறன்தான் காரணம் என்றால் அந்த வரி பின்னாளில் நிறுவனத்தையே மடக்கும்.

இங்கே நான்கு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘ஆட்குறைப்பு’ என்பது பணியிடம் போவது, ஆள் மீது குற்றமில்லை. ‘பணிநீக்கம்’ என்ற சொல்லில் ஒழுங்கு நடவடிக்கையின் நெடி உண்டு. ஆட்குறைப்பில் போனவரின் கடிதத்தில் அதை எழுதினால் அடுத்த நேர்காணலில் அவர் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். ‘பணியிடை நீக்கம்’ என்பது விசாரணை முடியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைப்பது. ஒரு ‘இடை’ விட்டுப்போனால் தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். ‘பணி நிறைவு’ வயது முடிந்து ஓய்வு பெறுபவருக்கான சொல். நாற்பது வயதுக்காரருக்கு அதை எழுதுவது மென்மை அல்ல, கேலி.

விசாரணை முடிந்து உண்மையிலேயே பணிநீக்கம் செய்தால் அவருக்கான கடிதத்தில் ‘பணிநீக்கம்’ என்றே எழுத வேண்டும். மற்ற ஊழியர்களுக்கு அந்தச் சொல் தேவையில்லை. “திரு. ____ ஜூன் 30 முதல் நம் நிறுவனப் பணியில் இல்லை. கொள்முதல் தொடர்பாக இனி இன்னாரை அணுகவும்” என்பது போதும். மென்சொல்லுக்கு உரிய இடம் இதுதான்.

ஆனால் இல்லாத காரணத்தைச் சேர்க்கக் கூடாது. ‘தனிப்பட்ட காரணங்களுக்காக விலகினார்’ என்று பொய்யாக எழுதுவது அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றுவதாகத் தோன்றும். ஆனால் கையில் ஆட்குறைப்புக் கடிதமும், நிறுவனப் பதிவில் ராஜினாமா என்றும் இருந்தால், வேலையிழப்புக்கான காப்பீடோ உதவித்தொகையோ கேட்கும்போது அவருக்குச் சிக்கல் வரும். தானாக விலகியவருக்கு அதைத் தராத திட்டங்கள் பல. அடுத்த நிறுவனம் பின்னணி விசாரிக்கும்போதும் இரண்டு பதில் கிடைக்கும், பொய் சொன்னவர் அவர் என்றே முடிவாகும்.

சொற்களை எல்லாம் திருத்திய பிறகும் ஒன்று தப்பிவிடும்: மென்பொருள். ஊழியர் பட்டியலில் நிலையை மாற்றாவிட்டால், இறந்தவரின் பிறந்தநாளில் ‘வாழ்த்துகள்!’ என்ற தானியங்கி மின்னஞ்சல் அலுவலகம் முழுவதற்கும் போகும். வேலை போனவருக்கு ‘எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் ஆண்டு’ என்ற வாழ்த்து அவருடைய சொந்த முகவரிக்கே வரும். கடிதம் அனுப்பிய அன்றே பிறந்தநாள், பணி ஆண்டு, விழிப்புணர்வுப் பயிற்சி நினைவூட்டல் ஆகிய மூன்று பட்டியல்களிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு வருவதற்கு ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்ற பழைய தானியங்கிப் பதில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.