கொரோஷன் என்றாலே துருவா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ் வீட்டு மாமி போன வாரம் மின்சாரம் போன நேரத்தில் ஒரு டார்ச்சோடு மாடிக்கு வந்தார். இரண்டு செல் போடும் சிறிய டார்ச். எரிந்தது, அணைந்தது, தட்டினால் மறுபடி எரிந்தது. மூடியைத் திறந்து உள்ளே காட்டி, "உப்புப் பூத்திருக்கிறது, பாரேன்" என்றவர், உடனே தன்னைத் திருத்திக்கொண்டார்: "துரு என்று சொல்ல வேண்டுமாமே, தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது." டார்ச்சோடு வந்த தாளை வாங்கிப் பார்த்தேன். "மின்கலத் தொடர்புகளில் துரு காணப்பட்டால் சுரண்டி நீக்கவும்" என்று இருந்தது. 'தொடர்புகள்' என்றால் செல்பேசியில் இருக்கும் பெயர்ப் பட்டியல் அல்லவா? செல்லைத் தொடும் தகட்டுக்கும் சுருள்கம்பிக்கும் தொடுமுனை என்று நல்ல சொல் இருக்கிறது. அது போகட்டும், என் சண்டை துருவோடு.

தாள் துரு என்று தமிழாக்கியிருப்பது ஆங்கிலக் கொரோஷனை. அந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலம். கொறித்தல் என்று பொருள். கறையான் அரிப்பதைச் சொல்லும் நம் 'அரி' அதற்கு நேர். பள்ளிப் பாடநூல்களில் வரும் 'அரிமானம்' அதிலிருந்து பிறந்தது. தேய்மானம், கட்டுமானம் வரிசையில் இயல்பாக உட்காரும் சொல். உலோகம் கெட்டுப்போகும் நிகழ்வுக்கு அதுவே போதும். அரிப்பு என்று மட்டும் எழுதினால் சொறி மருந்து விளம்பரம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் நிகழ்வின் பெயர் வேறு, தொடுமுனையில் படிந்திருப்பதன் பெயர் வேறு. துரு என்பது இரும்பில் வருவது, இரும்பில் மட்டும் வருவது. செம்பிலும் பித்தளையிலும் பச்சையாகப் படர்வது களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் களிம்பேறும் என்று ஈயம் பூசிய வீடுகள் இதைத் துரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆணவ மலத்துக்கு உவமை தேடிய சைவ சித்தாந்திகளும் செம்பில் களிம்பு என்றார்கள், செம்பில் துரு என்று சொல்லவில்லை. இன்று களிம்பு என்றால் புண்ணுக்குத் தடவும் மருந்தும்தான். அதற்காகப் பழைய பொருளைக் கைவிடுவானேன்? மூன்றாவது, மாமி சொன்ன உப்புப் பூத்தல். ஈரச் சுவரில் வெள்ளையாகப் பொரிந்து வருவதற்கு நாம் சொல்வது.

டார்ச்சுக்குள் இருந்தது இந்த மூன்றாவதுதான். அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பலர் எழுதுவதுபோல அமிலம் அல்ல. செல் தீர்ந்த பிறகும் உள்ளேயே கிடந்தால் அது கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக வெள்ளையாய் உறைகிறது. மாமி செல்களை மாற்றியிருந்தார், பூத்த உப்பை விட்டுவிட்டார்.

மீட்டர் வைத்துப் பார்த்தோம். விளக்கு எரியும்போதே இரண்டு செல்லும் சேர்ந்து 2.8 வோல்ட் கொடுத்தன; பல்பின் முனைகளில் வந்தது 1.9. மீதி 0.9 வோல்ட்டை வழியில் அந்த வெள்ளைப் படிவு தின்றுவிட்டது. செல் பலவீனமாக இருந்தால் விளக்கு முதலில் நன்றாக எரிந்து மெல்ல மங்கும், சற்று அணைத்து வைத்தால் கொஞ்சம் தேறும். பல்பின் இழை அறுந்திருந்தால் பெரும்பாலும் எவ்வளவு தட்டினாலும் இருட்டுதான். தட்டும்போதெல்லாம் வந்து வந்து போனால் தொடுமுனையைப் பார்க்க வேண்டும்.

சொல் தவறினால் கையும் தவறும் என்பதால்தான் இவ்வளவு கோபம். துரு என்று படித்தவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார். சுருள்கம்பி எஃகு, அதன் மேல் மெல்லிய நிக்கல் பூச்சு. தேய்த்தால் உப்போடு பூச்சும் போய்விடும். உப்புப் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தால் கரைத்துத் துடைக்கத் தோன்றியிருக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். நுரைத்தது, கார்பனேட் அமிலத்தைச் சந்தித்துக் கரியமில வாயு வெளியேறுகிறது. பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. ஈரமாகப் பிசுபிசுத்தால் மட்டும் வெறுங்கையால் தொடக்கூடாது, தோலைப் புண்ணாக்கும். பழைய துத்தநாகக் கரிச் செல் கசிந்ததென்றால் எலுமிச்சை உதவாது. அதன் கசிவே லேசான அமிலம். சோடா உப்பு கரைத்த நீர் வேண்டும்.

தாளை எழுதியவர் டார்ச்சைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்; ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் வரியை எடுத்து வைத்திருப்பார். இப்படித்தான் மிக்சியும் குக்கரும் வாங்கினால் கிடைக்கும் தாள்களெல்லாம் எழுதப்படுகின்றன. அந்தத் தாளை நம்பி, வாயில் தானாக வந்த சரியான சொல்லை மாமி விழுங்கிக்கொண்டார்.

துடைத்த டார்ச் பளிச்சென்று எரிந்தது. மாமி கீழே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். போன வருடம் தாள் சொன்னபடி உப்புத்தாளால் தேய்த்ததாம். சுருள்கம்பி முழுவதும் செம்பழுப்பு. அது துருதான்.