ஃப்ரீ பாடி டயகிராம்: தனித்த பொருள் விசைப்படம்

இயற்பியல் வகுப்பில் ‘எஃப்பிடி போடு’ என்பார்களே, அந்த ஃப்ரீ பாடி டயகிராமுக்குத் தமிழில் ‘தனித்த பொருள் விசைப்படம்’ என்று பெயர். இங்கே ஃப்ரீ என்றால் சுதந்திரமாக ஓடும் பொருள் என்று அர்த்தமில்லை, சுற்றியிருப்பவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள். சாய்தளத்தில் ஒரு கட்டை இருக்கிறது என்றால், கட்டையை மட்டும் வரைகிறோம், சாய்தளத்தைத் தூக்கிவிடுகிறோம், தளமும் பூமியும் கட்டைக்குக் கொடுக்கும் விசைகளை மட்டும் அம்புகளாக வைக்கிறோம். அதனால் ஒவ்வொரு அம்பையும் பார்த்து ‘இதைக் கொடுப்பது யார்?’ என்று கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் அந்த அம்பை அழித்துவிட வேண்டும்.

சொரசொரப்பான சாய்தளத்தில் சும்மா நிற்கும் கட்டைக்கு மூன்றே அம்புகள்தான். பூமி கொடுக்கும் எடை, mg, நேராகக் கீழே. மற்ற இரண்டும் தளம் கொடுப்பவை: செங்குத்து விசை N, உராய்வு விசை f.

இந்தச் ‘செங்குத்து விசை’ என்ற பெயர்தான் வம்பு. இதன் மூலமான நார்மல் என்ற சொல், தச்சரின் மூலைமட்டத்தைக் குறிக்கும் ‘நார்மா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதாவது ஒரு பரப்புக்கு 90° என்பதே பொருள். ஆனால் தமிழில் செங்குத்து என்றதும் நேர் மேலே என்று மனசு போய்விடுகிறது, பலர் N-ஐ அப்படியே மேல்நோக்கி வரைந்தும் விடுகிறார்கள். அப்படி வரைந்தால் N எடையை முழுதாகச் சமன்செய்துவிடும், உராய்வே தேவைப்படாது, எண்ணெய் தடவிய சரிவில்கூடக் கட்டை நகராமல் நிற்க வேண்டும்! ‘தளச் செங்குத்து விசை’ என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது என்பது என் கருத்து.

சரி, ஒரு கணக்கு. கட்டை 2 கிலோ, சாய்வு θ = 30°, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் μ = 0.7, g = 10 m/s² என்று கொள்வோம். எடை 20 N, அதாவது 20 நியூட்டன். தளத்துக்கு இணையான கூறு mg sin θ = 10 N, தளத்துக்குள் அழுத்தும் கூறு mg cos θ = 17.3 N, எனவே N-உம் 17.3 N. இந்தக் கூறுகளை எடையோடு சேர்த்து அதே படத்தில் முழு அம்புகளாகப் போடக்கூடாது, எடையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். புள்ளிக்கோட்டு அம்பாகவோ பக்கத்தில் தனிப்படமாகவோ போடுங்கள்.

அப்புறம் உராய்வு. μN = 0.7 × 17.3 = 12.1 N என்று உடனே எழுதத் தோன்றும். அது உச்சவரம்பு மட்டுமே. சறுக்கப் பார்ப்பது 10 N தான், ஆகவே f-உம் 10 N, சரிவில் மேல்நோக்கி. 12.1 என்று போட்டால் ஓய்வில் இருக்கும் கட்டை தானாகச் சரிவில் ஏறும்!

இதே கட்டையைக் கயிறு கட்டி, சரிவுக்கு இணையாக 16 N விசையால் மேலே இழுத்தால் படத்தில் நான்காவது அம்பு வரும். இப்போது கட்டை மேலே போகப் பார்க்கிறது, அதனால் f திரும்பி, சரிவில் கீழ்நோக்கி 6 N. வரம்பு 12.1 என்பதால் கட்டை இன்னும் நகராது, 22.1 N-ஐத் தாண்டி இழுத்தால்தான் கிளம்பும்.