வீட்டு நாஸுக்கு வெளியிலிருந்து வழி ஏன் கிடைப்பதில்லை?

மதுரை வீட்டில் ஒரு நாஸ் பெட்டி, அதாவது வீட்டு வலையோடு இணைந்த சேமிப்புப் பெட்டி, ஓடுகிறது. குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். வீட்டு வைஃபையில் தட்டிய உடனே திறக்கும். சென்னையிலிருந்து திறந்தால் வெகுநேரம் சுற்றிவிட்டு டைம் அவுட் ஆகும். ரவுட்டரில் 5001 போர்ட்டை நாஸின் முகவரியான 192.168.1.20-க்குத் திருப்பிவிட்டிருந்தேன். மாறும் ஐபியைப் பின்தொடரும் டிடிஎன்எஸ் பெயரும் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு நாள் அமைப்புகளையே மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ரவுட்டர் பக்கத்துல WAN IP-ன்னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் படிங்க."

"நூறு, புள்ளி, எழுபத்திரண்டு, புள்ளி..."

அவர் படித்து முடிக்கும் முன்பே விஷயம் விளங்கிவிட்டது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் இணையத்தில் எங்கும் செல்லாதவை. இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் மட்டும் புழங்குவதற்காக 2012-ல் RFC 6598 என்ற ஆவணம் ஒதுக்கிய வரிசை அது. அடுத்து, "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றை அவரைத் திறக்கச் சொன்னேன். அங்கே வேறு எண். அதை இங்கே 203.0.113.77 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டரில் நூறில் தொடங்கும் இந்த வரிசை எண்ணும், வெளியில் வேறு எண்ணும் இருந்தால் நடுவில் இணைய நிறுவனத்தின் பக்கம் இன்னொரு நாட், அதாவது முகவரி மாற்றும் கருவி, உட்கார்ந்திருக்கிறது. அதுதான் சிஜிநாட்.

ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்.

நாட் என்பது அடிப்படையில் ஒரு பதிவேடு. வீட்டிலிருந்து ஒரு பாக்கெட் வெளியே போகும்போது, "இந்த வீட்டின் இந்தப் போர்ட்டை என் 40312-ஆம் போர்ட்டாக அனுப்பினேன்" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும். பதில் 40312-க்கு வந்தால் அந்த வரியைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும். வரி இல்லாமல் வருவதைக் கீழே போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் செய்வது, இந்தப் பதிவேட்டில் நிரந்தரமாக ஒரு வரியை நாமே எழுதி வைப்பது. நான் எழுதியது என் ரவுட்டரின் பதிவேட்டில். சென்னையிலிருந்து கிளம்பிய பாக்கெட்டோ 203.0.113.77-ன் 5001-க்குப் போய், நிறுவனத்தின் பதிவேட்டில் வரி இல்லாமல் அங்கேயே விழுந்துவிட்டது. மதுரைக்கு அது வரவே இல்லை. அந்தப் பதிவேட்டில் எழுத எனக்கு வழியும் இல்லை.

ஆனால் வெளியே போகும் பாக்கெட் அங்கேயும் தானாகவே ஒரு வரியை எழுதிவிடுகிறது. ஆகவே நாஸ் முதலில் பேச வேண்டும். பொது முகவரி உள்ள ஒரு சிறிய விபிஎஸ், அதாவது மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுத்து, நாஸிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடலாம். நாஸ் பக்கத்து அமைப்பில், அதன் சொந்தச் சாவியும் முகவரியும் உள்ள `[Interface]` பகுதிக்குக் கீழே இது வர வேண்டும்:

```
[Peer]
PublicKey = <VPS_PUBLIC_KEY>
Endpoint = 203.0.113.50:51820
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

உயிர் கடைசி வரியில் இருக்கிறது. வயர்கார்ட் பயன்படுத்தும் யுடிபி வரிகளைச் சில நாட் கருவிகள் அரை நிமிடத்திலேயே அழித்துவிடும். 25 நொடிக்கு ஒருமுறை நாஸ் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருந்தால் வரி அழியாது, கதவும் மூடாது. அமைப்பில் `PersistentKeepalive` வரியை விட்டுவிட்டால், காலையில் வேலை செய்தது மதியம் நின்றுபோகும். காரணம் தேடி அலுத்துப்போவோம்.

இதில் ஒரு குறை, எல்லாத் தரவும் விபிஎஸ் வழியாகச் சுற்றி வரும். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகள் அதைத் தவிர்க்கப் பார்க்கின்றன. நாஸ், லேப்டாப் இரண்டும் ஒரு பொது சர்வரிடம் பேசி, வெளியில் தாம் எந்த முகவரி, எந்தப் போர்ட்டில் தெரிகிறோம் என்று அறிந்துகொள்ளும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கி அனுப்பும். இரு பக்கப் பதிவேட்டிலும் வரி விழுந்துவிடுவதால் நேர்வழி திறக்கும். ஆனால் சில நாட் கருவிகள் ஒவ்வொரு இலக்குக்கும் புதிய போர்ட்டைக் கொடுக்கும். இரு பக்கமும் அப்படி இருந்தால் அறிந்துகொண்ட எண் பயன்படாது, தரவு ரிலே சர்வர் வழியாகத்தான் போகும். `tailscale ping nas` என்று அடித்தால் தெரிந்துவிடும்: பதிலில் `via DERP` என்று வந்தால் ரிலே, `via`-க்குப் பிறகு ஐபி முகவரி வந்தால் நேர்வழி.

ஐபிவி6 கிடைக்கும் இணைப்பென்றால் நாட்டே தேவையில்லை, நாஸுக்கே பொது முகவரி இருக்கும். ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டைத் திறந்து, டிடிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரிக்கான `AAAA` பதிவு வைக்க வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும் என்பதுதான் சிக்கல். பல அலுவலக வைஃபைகளில் அது இல்லை. கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபிவி4 கிடைத்தால் பழைய போர்ட் ஃபார்வர்டிங் அப்படியே வேலை செய்யும். ஆனால் அப்போது நாஸின் உள்நுழைவுப் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

நான் டெயில்ஸ்கேலைப் போட்டேன். வீட்டிலிருந்து முதல் பதில் `via DERP` என்று வந்தது. மூன்றாவது பதிலில் 203.0.113.77 தெரிந்தது. படங்கள் நேராக வரத் தொடங்கின.