பெருங்காயத் தூளுக்குள் கோதுமை வந்த கதை

என் அக்கா மகளுக்கு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருப்பது தெரிந்ததும் வீட்டில் சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் நின்றுபோயின. அரிசிச் சாப்பாடுதானே, பயமில்லை என்றிருந்தோம். ஆனாலும் வயிற்றுக் கோளாறு முழுதாக விடவில்லை. ஒருநாள் அக்கா அஞ்சறைப் பெட்டிச் சாமான்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது, பெருங்காய டப்பாவில் ‘கோதுமை மாவு’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

பெருங்காயத்துக்கும் கோதுமைக்கும் உறவே கிடையாது. பெருங்காயம் கொத்தமல்லி, சீரகம், கேரட் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெருலா என்ற செடியின் வேர்ப்பால். ஈரான், ஆப்கானிஸ்தான் மலைச்சரிவுகளில் சில வருடம் வளர்ந்த செடியின் தண்டை அடியோடு வெட்டுவார்கள். வெட்டிய வாயில் பால் கசிந்து உறையும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி ஒரு மெல்லிய சீவல் சீவுவார்கள். இப்படிக் கிடைக்கும் பிசினில் குளூட்டன் துளியும் இல்லை.

சரி, மாவு ஏன்? அந்தப் பிசினைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். ஈரப்பசையோடு மெழுகுபோல ஒட்டும். மிக்ஸியில் போட்டால் பொடியாகாமல் பிளேடில் அப்பிக்கொள்ளும். கந்தகச் சேர்மங்கள் நிறைந்த எண்ணெய் அதில் இருப்பதால், மிளகளவு கூடினாலும் குழம்பு கசந்துவிடும். வாசனையும் காற்றில் சீக்கிரம் பறந்துபோகும். அதனால் பிசினோடு வேலம்பிசினையும் மாவையும் சேர்த்துப் பிசைந்து, காயவைத்து, கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். பெருங்காயத் தொழிலுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் மைதாவைத்தான் இதற்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். மைதா விலை மலிவு, தண்ணீர் பட்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், வெள்ளையாக இருக்கும். அந்தப் பிடிப்பைக் கொடுப்பதே குளூட்டன்தான்.

இது கலப்படம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய உணவுச் சட்டமே ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று ஒரு வகையை வைத்து, அதில் மாவு சேர்க்க அனுமதிக்கிறது. பெருங்காயத்தின் சாரம் ஆல்கஹாலில் கரையும், மாவு கரையாது. அப்படிக் கரைகிற பகுதி 5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில் பெரும்பகுதி மாவாகவும் பிசினாகவும் இருக்க இடமுண்டு.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காக, எங்கள் வீட்டு ரசத்தையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் ரசத்துக்குத் தாராளமாக ஒரு கிராம் தூள் போடுகிறோம். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் 500 மில்லிகிராம். மைதாவில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டு பங்கு குளூட்டன், ஆக 40 மில்லிகிராம். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ரசத்தில் இருப்பது அதைப்போல இரண்டு மடங்கு. கால் லிட்டர் குடித்தால் 10 மில்லிகிராம் உள்ளே போகிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் முழுவதற்கும் தாங்குவதாகக் கருதப்படும் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம் சாம்பார், மோர், அப்பளம், ஊறுகாய் என்று வரிசையாக இருக்கிறதே! எண்ணெயில் பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் குளூட்டன் போகாது.

வீட்டில் சோதித்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், முடியாது. அயோடின் சொட்டினால் தூள் நீலக் கறுப்பாக மாறும். ஆனால் அது மாவுச்சத்து இருப்பதை மட்டும் சொல்லும். அரிசி மாவு கலந்த தூளும் அதே நிறம்தான் காட்டும். கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தமானது என்று நம்புவதும் தவறு, கடைக் கட்டிகளில் பலவும் கூட்டுப் பெருங்காயமே.

நம்ப வேண்டியது அட்டையைத்தான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவது விதி. கோதுமை மாவோ மைதாவோ முதலில் வந்தால் அதுதான் அதிகம் என்று அர்த்தம். அரிசி மாவில் செய்த தூளும் கிடைக்கிறது. அதிலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பு இருந்தால் நல்லது, ஏனென்றால் ஒரே இயந்திரத்தில் இரண்டையும் அரைத்தால் கோதுமை ஒட்டிக்கொண்டு வரும். அக்கா இப்போது மாவு கலக்காத பால் பெருங்காயத்தை மூடிய புட்டியில் வைத்திருக்கிறாள். கடுகளவு கிள்ளி வெந்நீரில் ஊறவைத்து, அந்தப் பால்போன்ற தண்ணீரை ரசத்தில் விடுகிறாள். மிச்சமிருப்பது வெளியில் வாங்கும் ஊறுகாயும் பருப்புப் பொடியும்தான். அவற்றின் அட்டையில் ‘பெருங்காயம்’ என்று மட்டும் போட்டு, எந்த மாவு என்று சொல்லாவிட்டால், அவள் வாங்குவதில்லை.